நாரியில் தொடங்கும் வயிற்றுக்குத்து

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியர் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எங்களில் ஒருவர் வைத்தியர், மற்றவர் தாதி உத்தியோகத்தர். இரண்டு பேரும் இந்த மண்டபத்தின் பின்வாங்கிலில் ஒன்றாக இருந்து படித்தவர்கள். வைத்தியசாலையைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, பெரிய நோய்களைப் பற்றிப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருவருக்கு நடந்ததைச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். அவரிடம் கேட்டுத்தான் சொல்கிறோம். பெயரை மட்டும் விட்டுவிடுகிறோம்.

அவர் ஒரு ஆசிரியை, அப்போது வயது 43. அந்த வருடம் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு விரதமிருந்து போனார். வைகாசி வெயில் எப்படியென்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பகல் முழுவதும் சனத்துக்குள் நின்றார். தண்ணீர் கொஞ்சமாகத்தான் குடித்தார். குடித்தால் பிறகு கழிப்பறை தேடி அலைய வேண்டுமே என்ற பயம். இந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் கழிப்பறை வரிசைக்குப் பயந்து தாகத்தோடு இருந்து பழகியவர்கள் சிலர் இன்றைக்கும் வெளியே போனால் தண்ணீர் குடிப்பதில்லை. இரவு வீட்டுக்கு வந்து, பசியில் அள்ளிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

விடியப்புறம் இரண்டு மணிக்கு இடதுபக்கம் குத்தத் தொடங்கியது. சில நிமிடங்களில் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. மூன்று தரம் சத்தி. வயிறு ஊதினமாதிரி இருந்தது. மலம் போகவேண்டும் போல வந்து வந்து, போனால் ஒன்றும் வரவில்லை. “விரதத்தோட கிடந்து கண்டபடி சாப்பிட்டால் வேற என்ன நடக்கும்” என்று தாயார் ஓமத்தண்ணீர் கொடுத்தார். அது குற்றமில்லை. அந்த நேரத்தில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பார். காலையில் காட்டிய இடத்திலும் வாய்வு, உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே சொன்னார்கள். ஒரு ஊசி போட்டு, வயிற்றெரிவுக்குக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். மத்தியானம் குத்துக் குறைந்தது. எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் வந்தது. இம்முறை மலச்சிக்கல் என்று பேதிக்கு மருந்து. அன்றிரவு அவர் எங்களில் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தார். “சத்தி வருகுது, வயிறு ஊதிக்கிடக்குது” என்றார். “அப்ப குடல்ப் பிரச்சினைதான், ரெண்டு நாளைக்குக் கஞ்சி குடியும்” என்று சொல்லிவிட்டோம். எங்கே தொடங்கியது, எங்கே போகிறது, நோகும்போது நீர் என்ன செய்கிறீர் என்ற மூன்று கேள்வியையும் நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போதும். இந்த உரைக்கு அதுதான் காரணம்.

பிறகு குத்து மெல்ல மெல்லக் குறைந்து, நாரியில் ஒரு மந்தமான நோவாக நின்றது. சுகமாகிவிட்டது என்று நினைத்தார். ஏழு கிழமை கழித்து ஒரு நாள் பல்லுக்கிட்டும் குளிரோடு காய்ச்சல் வந்து, எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தார். ஸ்கான் செய்து பார்த்தபோது இடது சிறுநீரகம் தண்ணீர் நிரம்பிய பலூன் போல வீங்கியிருந்தது. கீழே, சலப்பைக்குள் குழாய் நுழையும் இடத்தில் ஏழு மில்லிமீற்றர் கல் ஒன்று இறுகிக் கிடந்தது. அந்த அடைப்புக்கு மேலே தேங்கிய சலம் பழுதாகிக் கிருமி இரத்தத்துக்குள் போகத் தொடங்கியிருந்தது.

இப்போது அந்த இரண்டு மணிக்குத் திரும்பிப் போவோம். அன்றிரவே அது கல் என்று சந்தேகிக்க என்ன இருந்தது?

முதலில், அது ஏன் வயிற்றுக்கோளாறு போல நடித்தது என்பதைச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் வயிற்றுக்குள் இல்லை. வயிற்றுக்குப் பின்னால், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகுச் சதையில் சாய்ந்து கிடக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமான மெல்லிய குழாயொன்று சலப்பைக்கு இறங்குகிறது. அதன் உட்துவாரம் மூன்று நான்கு மில்லிமீற்றர்தான். கல் இந்தக் குழாய்க்குள் சிக்கும்போது மேலே சலம் தேங்கிச் சிறுநீரகம் விரிகிறது. நோவு அந்த விரிவிலிருந்துதான் வருகிறது. கல் உரசுவதால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முக்கிய காரணமல்ல. சிறுநீரகத்தின் நரம்புகளும் இரைப்பை, குடல் என்பவற்றின் நரம்புகளும் ஒரே பின்னலில் வந்து கலக்கின்றன. மூளைக்குச் செய்தி போகும் வழி பொதுவானது. ஆகவே சிறுநீரகம் அலறும்போது இரைப்பை சத்தியெடுக்கிறது, குடல் வேலையை நிறுத்தி ஊதிக்கொள்கிறது. கல் சலப்பையின் வாசலுக்கு வந்துவிட்டால் இன்னொரு ஏமாற்று நடக்கும். அடிக்கடி சலம் போகவேண்டும் போலவும், சிலருக்கு மலம் போகவேண்டும் போலவும் முக்கும். ஆக, தோழிக்கு இருந்த சத்தி, வயிற்றூதல், முக்கல் மூன்றும் குடல் நோயின் அடையாளங்களாக நின்றது உண்மை. ஆனால் மூன்றுமே கல்லினாலும் வருபவை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான அடையாளத்தை வைத்து ஒரு பக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தமிழில் இந்தச் சாதிக் குத்துக்கெல்லாம் பழைய பெயர் சூலை. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் அந்தச் சூலையால் துடித்து, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் ஓடிவந்த கதை எல்லோருக்கும் தெரியும். வயிற்றுக்குள்ளே குடலோடு சேர்த்து முறுக்குவதாகவே அவர் பாடினார். அது என்ன நோய் என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் உள்ளே எங்கிருந்து வந்தாலும், துடிப்பவருக்கு அது குடலாகத்தான் தெரியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

அப்படியானால் எங்கே பிரிகிறது? நாங்கள் விடுதியில் முதலில் பார்ப்பது வயிற்றையல்ல, ஆளைத்தான். கல்லுக்குத்து உள்ளவர் ஓரிடத்தில் இருக்கமாட்டார். கட்டிலில் ஏறுவார், இறங்குவார், சுவரைப் பிடித்துக் குனிவார், நிலத்தில் உருளுவார், எந்தப் பக்கம் திரும்பினாலும் சுகமில்லை. குடல்வளரி வெடித்து, அல்லது குடல் துளைபட்டு, வயிற்றுக்குள் அழற்சி பரவியவர் இதற்கு நேர்மாறு. முழங்காலை மடித்து அசையாமல் படுத்திருப்பார். இருமினால் நோகும். வந்த ஓட்டோ பள்ளத்தில் விழுந்து எழுந்தபோதெல்லாம் நொந்தது என்பார். எங்கள் வீதிகள் இந்தச் சோதனையை எங்களுக்குமுன்பே செய்து முடித்துவிடும். தோழியின் தாயாரிடம் பிறகு கேட்டோம். “விடியும்வரைக்கும் விறாந்தையில மேலும் கீழும் நடந்தவள், ஒரு இடத்தில குந்தேல்லை” என்றார்.

உருளுவது கல்லுக்கு மட்டும் உரியதல்ல. குடல் அடைபட்டு முறுக்கும்போதும் ஆள் உருளுவார். அங்கே நோவின் தாளத்தைக் கேட்கவேண்டும். குடல் முறுக்கு அலைபோல வரும். ஏறும், உச்சிக்குப் போகும், விடும். விட்டபிறகு சில நிமிடம் ஆள் கதைக்கக்கூடியவராக இருப்பார், பிறகு அடுத்த அலை. மலமோ காற்றோ போனால் சிலருக்கு ஆறும். கல்லுக்குத்து அப்படி முழுதாக விடாது. கூடும் குறையும், ஆனால் அடியில் ஒரு நோவு தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கும், மணிக்கணக்கில். மலம் போனாலும் மாறாது. சாப்பாட்டோடும் அதற்குச் சம்பந்தமில்லை. பேதி மருந்து எடுத்து நன்றாக வயிறு கழிந்த பிறகும் நோவு அப்படியே இருந்ததாம் தோழிக்கு. அந்த ஒரு விசயமே குடலைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியிருக்க வேண்டும்.

அடுத்தது பாதை. தோழி “வயிற்றுக்குத்து” என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். எங்கள் ஊரில் நெஞ்சுக்குக் கீழே, தொடைக்கு மேலே எங்கே நொந்தாலும் அது வயிறுதான். விடுதியில் விரலால் காட்டச் சொன்னபோது, கையைப் பின்னால் கொண்டுபோய் விலாவுக்குக் கீழே வைத்தார். அங்கிருந்து பக்கவாட்டாகச் சரித்து, அடிவயிற்றைத் தாண்டி, தொடை இடுக்குவரை இழுத்தார். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு, “அங்கால கீழயும் போகுது, அதை எப்படிச் சொல்றது எண்டு விட்டிட்டன்” என்றார். அந்த மறைவிடத்து நோவுதான் நாங்கள் தேடும் செய்தி. கல் கீழே இறங்க இறங்க நோவும் இறங்கும். கீழ்க்குழாயின் நரம்புகளும் தொடை இடுக்கு, பெண்குறியின் வெளியுதடு, ஆண்களின் விதை ஆகிய இடங்களின் தோல் நரம்புகளும் முள்ளந்தண்டின் ஒரே படியில் வந்து சேர்வதுதான் காரணம். குடல் நோவு அந்த இடத்துக்குப் போவது மிக அரிது. பெண்கள் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஆண் வைத்தியர் முன்னால் இன்னும் சொல்லமாட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கை வைத்துப் பார்க்கும்போது இன்னொரு முரண் தெரியும். இவ்வளவு துடிப்பவரின் வயிறு கல்லுக்குத்தில் பெரும்பாலும் மெத்தென்று இருக்கும். அழுத்தினால் கொஞ்சம் நோகலாம், ஆனால் பலகை போல விறைக்காது. பின்பக்கம், கடைசி விலாவும் முதுகெலும்பும் சேரும் மூலையில் மெல்லத் தட்டினால் துள்ளுவார். குடல்வளரி அழற்சியில் வலது அடிவயிற்றில் விரல் வைத்த இடத்தில் நோகும், சதை தானாக இறுகிக் காக்கும். அந்த நோவு தொடக்கத்தில் தொப்புளைச் சுற்றி மந்தமாக இருந்து, பிறகு கீழே வலப்பக்கம் நகர்ந்திருக்கும். ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொண்டு ஏறும். கல் நித்திரையில் இருந்தவரை எழுப்பிவிடும்.

சலப் பரிசோதனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு கீற்றுத் தாளை நனைத்தால் கண்ணுக்குத் தெரியாத இரத்தமும் தெரியும். கல் உள்ளவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அது இருக்கும். மிச்சப்பேருக்கு இருக்காது. ஆகவே இரத்தம் இல்லை என்பதால் கல் இல்லை என்று சொல்லமுடியாது. இரத்தம் இருப்பதாலும் கல்தான் என்று சொல்லமுடியாது. மாதவிடாய்க் காலத்தில் பெண்களின் சலத்தில் இரத்தம் காட்டலாம். வீங்கிய குடல்வளரி அந்தக் குழாயை ஒட்டிக் கிடந்தால் அதுவும் காட்டும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண் ஒருவர் அடிவயிற்று நோவோடு வந்தால், அவர் யாராக இருந்தாலும் கர்ப்பச் சோதனை செய்வோம். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் தாய்மார் உண்டு. கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிய கரு வெடித்தால், கல்லென்று நினைத்து ஊசி போட்டுக் காத்திருக்கும் ஒரு மணித்தியாலத்தில் உயிர் போகலாம். தப்பான சந்தேகம் இரண்டு பக்கமும் கொல்லும். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக “கல்லுக்குத்து” வந்தாலும் நாங்கள் பயப்படுவோம். வயிற்றின் பெருநாடி வீங்கிக் கசிவதும் அதே நாரியில்தான் நோகும்.

ஸ்கானில் சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரியும். கர்ப்பிணிக்கும் அது பாதுகாப்பானது. ஆனால் குழாயின் நடுப்பகுதியில் கிடக்கும் கல்லைக் குடல் மறைத்துவிடும். சாதாரண எக்ஸ்றேயில் கல்சியம் உள்ள கற்கள் வெள்ளையாகத் தெரியும், யூரிக் அமிலக் கற்கள் தெரியாது. சந்தேகம் தீராவிட்டால் சி.ரி. ஸ்கான்தான் முடிவு சொல்லும். அதற்கு மருந்து ஏற்றத் தேவையில்லை. கல் எங்கே, எத்தனை மில்லிமீற்றர் என்பது வரை காட்டும்.

தோழியை ஏமாற்றிய இன்னொன்று அந்த முதல் ஊசி. அது குடல் தசையைத் தளர்த்தும் மருந்து, பஸ்கோபான் வகை. மத்தியானம் நோவு குறைந்ததும், “குடல் மருந்துக்குக் கேட்டது, ஆகவே குடல்தான்” என்று எல்லோரும் நினைத்தார்கள். கல்லுக்குத்து ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் சில மணித்தியாலத்தில் தானாகத் தணியக்கூடியது. அடைபட்ட சிறுநீரகம் போகப்போகக் குறைவாகச் சலம் சுரக்கிறது, அதனால் உள்ளழுத்தம் இறங்குகிறது. உண்மையில் கல்லுக்குத்துக்கு அந்த மருந்து பெரிதாக உதவாது. டைக்குளோபினாக் போன்ற மருந்துதான் நன்றாகக் கேட்கும். சிறுநீரகம் விரியும்போது உடல் சுரக்கும் ஒரு பொருள் சலச் சுரப்பையும் குழாயின் இறுக்கத்தையும் கூட்டிவிடுகிறது, டைக்குளோபினாக் அதைத் தடுக்கிறது. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே பாமசியில் வாங்கிப் போடவேண்டாம். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். டெங்குக் காய்ச்சலில் இரத்தப்போக்கை உண்டாக்கும். கர்ப்பிணிக்கும் குடற்புண் உள்ளவருக்கும் ஆகாது.

நோவு போனதை நாங்கள் நோய் போனதாக எடுப்பதில்லை. கல் வெளியேறியதால் போயிருக்கலாம். ஐந்து மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை சில கிழமைக்குள் தானாக வெளியேறும். பத்துக்கு மேல் என்றால் அரிது. ஆனால் கல் அசையாமல் கிடக்க, சிறுநீரகம் களைத்துப்போனதாலும் நோவு அடங்கும். முழுமையான அடைப்பு சில கிழமை நீடித்தால் அந்தப் பக்கச் சிறுநீரகம் திரும்பாத சேதத்தை அடையும். வெளியே ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மற்றச் சிறுநீரகம் வேலையைச் சுமக்கும், சலமும் வழமைபோலப் போகும். ஆகவே ஒருதரம் கல்லுக்குத்து என்று தெரிந்தால், நோவு நின்றபிறகும் ஸ்கான் செய்து வீக்கம் வடிந்ததா என்று பார்க்கவேண்டும். சலத்தை ஒரு துணியில் வடித்துக் கல் விழுகிறதா என்று பார்ப்பதும் நல்லது. விழுந்தால் எறியாமல் ஒரு சிறிய போத்தலில் கொண்டு வாருங்கள். என்ன கல் என்று தெரிந்தால்தான் மற்றது வராமல் என்ன செய்யலாம் என்று சொல்லமுடியும்.

நோவோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அடைபட்ட சலத்தில் கிருமி சேர்ந்தால் அன்ரிபயோட்டிக் மட்டும் போதாது, தேங்கியதை வெளியே எடுக்கவேண்டும். ஒரே சிறுநீரகம் உள்ளவரும், சலமே போகாமல் நின்றுவிட்டவரும், சத்தியால் தண்ணீரும் நிற்காதவரும் அப்படியே.

தோழியை அன்றே சிறுநீரக சத்திரசிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு அம்புலன்ஸில் அனுப்பினோம். எங்களில் ஒருவர் கூடப் போனார். சலப்பை வழியாக ஒரு மெல்லிய குழாயைக் கல்லைத் தாண்டி மேலே செலுத்தியதும், கலங்கிய சலம் பீறிட்டு இறங்கியது. அடுத்தநாள் காய்ச்சல் இறங்கியது. கிருமி முழுவதும் அடங்கிய பிறகே, சில கிழமை கழித்து, குழாய்க்கமரா மூலம் கல்லை உடைத்து எடுத்தார்கள். கல்சியம் ஒக்சலேற். பிறகு எடுத்த பரிசோதனையில் இரண்டு சிறுநீரகமும் செய்யும் மொத்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் இடது சிறுநீரகம் செய்கிறது என்று தெரிந்தது. பாதி செய்யவேண்டியது. போன பங்கு இனி வராது.

அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு இரண்டரை லீற்றர் சலம் போகுமளவுக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம், பெரிய போத்தலோடுதான் வந்திருக்கிறார். உரையை எழுதிக் காட்டியபோது, “கஞ்சி குடியும் எண்டு சொன்னதையும் போடுங்கோ” என்றார். போட்டுவிட்டோம். கேள்விகள் இருந்தால் தேநீர் நேரத்தில் கேளுங்கள். சபைக்கு முன்னால் கேட்க வெட்கமானதென்றால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.